பதினேழாம் பக்கத்து இடுப்பு

ஆம்பிளையின் மானத்துக்கு மொத்த விலை டஜன் ஆயிரத்து எண்ணூறு. சில்லறையில் வாங்கினால் கொஞ்சம் கூடும். சாயம் போகாது, இரண்டு தண்ணி பட்டதும் பஞ்சு மாதிரி ஆகிவிடும், மூட்டிய லுங்கி, கட்டம் உங்கள் இஷ்டம். இந்த விலையைக் கட்டக்கா ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வாள். ஒரு தடவைகூடச் சிரிக்காமல் சொல்வதுதான் அவளுடைய தொழில் சாமர்த்தியம்.

கட்டம் போட்ட துணியை விற்கிற அக்கா, ஆகவே கட்டக்கா. சொந்தப் பெயரில் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கடை பத்தடி அகலம், நாற்பதடி நீளம். இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை அலமாரி. பெருங்கட்டம், பொடிக்கட்டம், கோடு, பிறகு கரை வேட்டி. கரையில் விரலகலம், இரண்டு விரலகலம், நாலு விரலகலம். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் கேட்ட உருப்படி கையில் வரும்.

அவ்வளவு பெரிய லுங்கிக்கடைக்காரியின் வீட்டுக்காரர் லுங்கி கட்ட மாட்டார். அந்தத் தெருவுக்கே அது தீராத பலகாரம்.

அவர் கட்டட வரைபடம் போடும் ஆபீசில் இருந்தார். பேன்ட்டில் போவார், பேன்ட்டில் வருவார், வீட்டில் நாடா வைத்த பைஜாமா. காரணம் பதினெட்டு வருஷம் பழையது. கல்யாணமான நாலாம் நாள், மாமனார் கொடுத்த புது லுங்கியைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மாமனாரின் அண்ணன் உள்ளே வந்தார். மரியாதைக்கு மாப்பிள்ளை எழுந்தார். லுங்கி எழவில்லை. பாதி வழியில் இரண்டு கையாலும் பிடித்துவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் பெரியவருக்குக் கும்பிடு போட வேண்டிய கை இரண்டும் இடுப்பில் இருந்தன. "மாப்பிள்ளை என்ன, சண்டைக்கு நிக்கறாரா?" என்று பெரியவர் கேட்டதை, கட்டக்கா பதினெட்டு வருஷமாகக் காலையில் ஒரு தடவையாவது சொல்லிச் சிரிக்காமல் இருந்ததில்லை.

"உங்க இடுப்புல நாடாதாங்க நிக்கும். லுங்கிக்கு ஒரு ராசி வேணும்."

அவர்பாட்டுக்கு இடது கையால் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் கட்டக்கா புதிதாக ஒரு காரியம் செய்தாள். கடைப் பையனை அனுப்பி மாதிரித் துண்டுகளைக் கடை கடையாகக் காட்டுவதை விட்டுவிட்டு, படம் போட்ட ஆல்பம் ஒன்று தயாரித்தாள். இருபத்திநாலு பக்கம், பக்கத்துக்கு ஒரு ஆள். மார்பிலிருந்து கணுக்கால் வரைதான் படம், தலை கிடையாது. "மூஞ்சியைப் போட்டா மூஞ்சியைத்தான் பார்ப்பான், துணியைப் பார்க்க மாட்டான்" என்பது அவள் சொன்ன காரணம். தலையில்லாத ஆளுக்கு ஒரு லுங்கி கொடுத்தாலே போதும் என்பது சொல்லாத காரணம். டீக்கடைக்காரர், மூட்டை தூக்குகிறவர், தையல்காரர், வேன் டிரைவர் என்று தெருவே வரிசையில் நின்றது.

படம் எடுத்தவன் கல்யாண போட்டோ எடுத்துப் பழகிய தம்பி. முதல் நாள் அவன் செய்த அட்டகாசத்தில் கட்டக்காவுக்குத் தலை சுற்றியது. சுருக்கம் இல்லாமல் இருக்கட்டும் என்று லுங்கியை இஸ்திரி போட்டு, பின்பக்கம் நாலு கிளிப் மாட்டி, டீக்கடைக்காரரை நிற்க வைத்திருந்தான்.

"ஏன்டா தம்பி, இது லுங்கியா, பாவாடையா? இடுப்புல மடிப்பு எங்க? சுருட்டு எங்க?"

"நீட்டா இருக்கட்டும்னு…"

"நீட்டா இருந்தா பெட்ஷீட்டு. வாங்க அண்ணே, கிளிப்பை எல்லாம் கழட்டுங்க, நீங்க எப்பவும் கட்டற மாதிரி கட்டுங்க."

டீக்கடைக்காரர் மூட்டிய லுங்கிக்குள் நின்றார். தொப்புள் வரை தூக்கினார். உபரித் துணி முழுவதையும் இடப்பக்கம் இழுத்து விறைப்பாக நீட்டினார். அதை வயிற்றின் குறுக்கே கொண்டுவந்து வலது இடுப்பில் படிய வைத்து, வலக் கட்டைவிரலால் உள்ளே ஒரு செருகு. பிறகு மேல் விளிம்பை வெளிப்பக்கமாக இரண்டு சுருட்டு. மூன்று விநாடிகூட ஆகவில்லை. மடிப்பின் விளிம்பு வலது தொடைமேல் மேலிருந்து கீழே விழுந்தது.

"இப்ப எடு. இந்தச் சுருட்டுலதான் வியாபாரம் இருக்கு. பாக்கறவனுக்கு, 'இதை உடுத்துனா நானும் இப்படிச் சாவகாசமா நிக்கலாம்'னு தோணணும். வேட்டின்னா கரை நட்டுக்குத்தா விழணும். மடிச்சுக் கட்டினா முட்டிக்கு மேல கரை வரணும். புரியுதா?"

தம்பிக்குப் புரிந்தது. கடையில் ஒரே ஒரு ஜன்னல். ஆகவே எல்லாரையும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி கொஞ்சம் திருப்பி நிற்க வைத்து எடுத்துத் தள்ளினான். அச்சடித்து வந்த ஆல்பத்தைப் பார்த்து கட்டக்காவே மெச்சிக்கொண்டாள். அவள் சரக்கைத் தவிர வேறெதையும் மெச்சிய சரித்திரம் கிடையாது.

புதன்கிழமை பெரிய வியாபாரி வந்தார். வெளிநாட்டில் நாற்பது கடை. துணியைத் தொட்டுப் பார்க்காமல் தன் பெண்டாட்டியைக்கூட நம்பமாட்டார் என்று தெருவில் சொல்வார்கள்; பட்டப்பெயர் தொட்டுப்பார். ஆல்பத்தையும் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். பதினேழாம் பக்கத்தில் விரல் நின்றது.

பொடிக்கட்டம். அங்குலத்துக்கு ஒரு தடித்த நீலக்கோடு. கட்டியிருந்த ஆள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். வயிற்றின் குறுக்கே வந்த மடிப்பில் இருந்த நீலக்கோடு, அடித்துணியின் நீலக்கோட்டின் மேல் ஒரு நூல்கூடப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே கோடு. ஆனால் விறைப்பு இல்லை. உலகத்துக்கே கடன் கொடுத்துவிட்டு, திருப்பிக் கேட்காமல் நிற்கிறவனைப் போல ஒரு நிற்பு.

"இந்த ஆளு யாரும்மா?"

"நம்ம தெரு ஆளுதாங்க."

"நாற்பது கடைக்கும் வாசல்ல போர்டு வைக்கப் போறேன். இவர் வேணும். இதே கட்டு, இதே நிற்பு, இந்தத் தடவை தலையோட. வெள்ளிக்கிழமை மதியம் எனக்குக் கப்பல். அதுக்குள்ள படம் கையில வந்தா நானூறு டஜன் உங்ககிட்ட. வரலைன்னா…" என்று எதிர்க்கடைப் பக்கம் கண்ணைக் காட்டினார். எதிர்க்கடைக்காரர் அங்கே நின்று வாயெல்லாம் பல்லாக வணக்கம் சொன்னார்.

நானூறு டஜன் என்றால் கட்டக்காவுக்கு ஒரு வருஷ வியாபாரம். அவள் முகத்தில் எதையும் காட்டவில்லை. "இதென்ன பிரமாதம்" என்றாள்.

பிரமாதமாகத்தான் இருந்தது. அவளுடைய குறிப்பில் பதினேழுக்கு நேரே வேன் டிரைவர் என்று எழுதியிருந்தது. டிரைவருக்குத் தொப்பை உண்டு. படத்தில் தொப்பை இல்லை.

தம்பிக்குப் போன் போட்டாள். "டிரைவர் படம் கெட்டுப் போச்சு அக்கா. பொடிக்கட்டம் இல்லையா, கேமராவுல தண்ணி மாதிரி நெளி நெளியா ஆடுச்சு. கிட்டப் போய்த் திரும்ப எடுக்கணும்னு பார்த்தா, அவரு லோடு ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. அதான் வேற ஆளை வெச்சு…"

"எந்த ஆளு?"

"அது… சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன் அக்கா. பேரைச் சொல்ல மாட்டேன்."

அடித்துக் கேட்டும் சொல்லவில்லை. கல்யாண போட்டோ எடுக்கிறவர்களுக்கு ரகசியம் காப்பது தொழில் தர்மம். கட்டக்கா போனை வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தாள். விஷயம் அதற்குள் கசிந்து, கடைவாசலில் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆறு பேரும் பதினேழாம் பக்கம் தாங்கள்தான் என்றார்கள்.

"அக்கா, அது நான்தான். அந்த நிற்பைப் பார்த்தாலே தெரியலையா?" என்றார் டீக்கடைக்காரர்.

"நீங்க மூணாம் பக்கம் அண்ணே."

"ரெண்டு தடவை எடுத்திருப்பான்."

மூட்டை தூக்குகிறவர் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினார். "சாட்சி வேணுமா? பாருங்க, என்னா இடுப்பு!"

"இடுப்பா இது? குடோன்! எல்லாரும் உள்ள வாங்க. ஆளுக்கொரு பொடிக்கட்டம் தரேன். கட்டிக் காட்டுங்க."

அடுத்த அரைமணி நேரம் கடைக்குள் நடந்ததைப் பார்க்க எதிர்க்கடைக்காரரே வந்துவிட்டார். மூட்டை தூக்குகிறவர் தொப்பைக்குக் கீழே நாலு சுருட்டுச் சுருட்டி இடுப்பில் ஒரு வடமே திரித்தார். டீக்கடைக்காரருக்கு நீலக்கோடு கிழக்கே போனது, மடிப்பு மேற்கே போனது. ஒருவர் கட்டி முடித்த கையோடு பழக்கத்தில் காலால் விளிம்பை எற்றிப் பிடித்து, முட்டிக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, "இப்ப?" என்றார். "இப்ப உங்க முட்டிதான் தெரியுது" என்றாள் கட்டக்கா. கோட்டோடு கோடு சேர்க்கிற பொறுமை ஒருவருக்கும் இல்லை. லுங்கி கட்டுகிறவன் எவன் கட்டத்தை எண்ணுவான்?

கடைசியாகத் தையல்காரர் வந்தார். அவர் உரிமை கொண்டாட வரவில்லை, சண்டைக்கு வந்திருந்தார். கையில் ஆல்பம், ஒன்பதாம் பக்கம் திறந்திருந்தது.

"என்னக்கா இது? என் மானத்தை வாங்கிட்டியே?"

"என்ன ஆச்சு? உங்க வேட்டிதானே? கரை நல்லாத்தானே விழுந்திருக்கு?"

"விழுந்திருக்கு. எந்தப் பக்கம் விழுந்திருக்குன்னு பாரு. முப்பது வருஷமா வலது இடுப்புல செருகறவன் நான். கரை வலது தொடை மேலதான் விழும். இங்க இடது தொடை மேல விழுது! என்னைத் தெரிஞ்சவன் பார்த்தா, கண்ணாடியைப் பார்த்து வேட்டி கட்டுனியான்னு கேப்பான்!"

கட்டக்கா ஆல்பத்தை வாங்கினாள். மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். முதலிலிருந்து புரட்டினாள். ஒன்று, இடது செருகு. இரண்டு, வலது. மூன்று, டீக்கடைக்காரர், இடது. அவர் வலது கையால் செருகியதை அவளே கண்ணால் பார்த்தவள். நாலு வலது, ஐந்து இடது. புரட்டிய வரைக்கும், விரித்து வைத்த புத்தகத்தில் ஒருபக்கத்து ஆட்கள் எல்லாரும் வலது கைக்காரர்கள், மறுபக்கத்து ஆட்கள் எல்லாரும் இடது கைக்காரர்கள். அவ்வளவு ஒழுங்காகக் கடவுள்கூட ஆட்களைப் படைக்கமாட்டார்.

மறுபடி போன். "டேய் தம்பி, படத்தைத் திருப்பிப் போட்டியா?"

"ஆமாக்கா. ஒரே ஜன்னல் இல்லையா, எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நின்னாங்க. புத்தகத்தை விரிச்சா ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி ஒருத்தர் நிக்கற மாதிரி இருந்துச்சு. அதான் ஒற்றைப்படைப் பக்கத்தை எல்லாம் இடவலமாத் திருப்பிட்டேன். இப்ப எதிரும் புதிருமா அழகா இருக்குல்ல?"

"பனியனைத் திருப்பலாம், சுடிதாரைத் திருப்பலாம். செருகறதைத் திருப்பலாமாடா, பாவி! எல்லா ஒற்றைப் பக்கமும் திருப்பினியா? பதினேழும்?"

"பதினேழும்தான்."

கட்டக்கா பக்கத்தைப் புரட்டிப் பதினேழைப் பார்த்தாள்.

மற்ற ஒற்றைப்படைப் பக்கமெல்லாம் திருப்பியதால் இடது செருகு. பதினேழையும் திருப்பியிருக்கிறான், ஆனால் பதினேழில் வலது செருகு. அப்படியென்றால் நிஜத்தில் நின்றவன் இடது இடுப்பில் செருகியவன்.

"எல்லாரும் போய் வேலையைப் பாருங்க. உங்கள்ல ஒருத்தரும் இல்லை" என்றாள். "நான் தேடறது இடதுகைக்காரனை."

"நம்ம தெருவுல எவன் இருக்கான் இடது கை?" என்று தையல்காரர் யோசித்தார். "கத்தரிக்கோல் பிடிச்சா தெரிஞ்சிடும்…"

கட்டக்கா காதில் அது விழவில்லை. அவள் அந்த நீலக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நூல் பிசகாத கோடு. லுங்கி கட்டும்போதுகூடக் கோட்டோடு கோடு சேர்த்துப் பார்க்கிற ஆள். கோடு கோணினால் தூக்கம் வராத ஆள். இடது கையால் பென்சில் சீவுகிற ஆள்.

ஆல்பத்துப் பக்கங்களைச் சரிபார்த்துவிட்டு வாருங்கள் என்று போட்டோக்காரத் தம்பியிடம் போன மாதம் யாரை அனுப்பினோம் என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அட…" என்றாள். விலை சொல்லத் தெரியாமல் கட்டக்கா நின்றதை அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது.

அவர் ஆபீசிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, இரண்டையும் கோட்டுக்கு நேராக வைத்தார். நிமிர்ந்தால் எதிரே பெண்டாட்டி. கையில் பொடிக்கட்டம், மடிப்புக் கலையாத புதுசு.

"கட்டுங்க."

"எதை?"

"நடிக்காதீங்க. பதினேழாம் பக்கம்."

 அவர் லுங்கியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது பேன்ட் இல்லை. அவள் கண்முன்னால் உபரித் துணியை வலப்பக்கம் இழுத்து நீட்டினார். ஒரு கணம் குனிந்து கோட்டைப் பார்த்தார். அதை வயிற்றின் குறுக்கே இடது இடுப்புக்குக் கொண்டுபோய், நீலத்தின் மேல் நீலத்தை வைத்து, இடக் கட்டைவிரலால் ஒரே செருகு. இரண்டு சுருட்டு. கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். லுங்கி நின்றது.

"குதிங்க பார்ப்போம்."

குதித்தார். நின்றது.

"உட்கார்ந்து எழுந்திருங்க."

எழுந்தார். லுங்கியும் கூடவே எழுந்தது.

"எப்படிங்க?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அன்னிக்குக் கம்ப்யூட்டர்ல பக்கத்தைக் காட்டினான். பாதிப் பேர் இடது இடுப்புல செருகியிருந்தாங்க. எனக்கு ஒரே ஆச்சரியம். உங்க அப்பா எனக்கு வலது பக்கம்தான் சொல்லிக் கொடுத்தாரு. என் வலது விரலுக்கு ஏது பலம்? ஒரு பட்டனைப் போடவே அது யோசிக்கும். லுங்கின்னா வலதுலதான் செருகணும், அதுதான் சட்டம்னு நெனச்சுட்டேன். இத்தனை பேர் இடதுல செருகறாங்களே, நாமளும் பார்ப்போமேன்னு படம் எடுக்கத் தம்பிகிட்ட இருந்த லுங்கியில ஒண்ணை அங்கேயே வாங்கிக் கட்டினேன். நின்னுச்சு." சிரித்தார். "பதினெட்டு வருஷத்துல முதல் தடவையா நின்னுச்சு. அந்தச் சந்தோஷத்துல நான் நிக்கறப்போதான் தம்பி எடுத்துட்டான்."

"அவங்க யாரும் இடது இல்லைங்க. அவன் படத்தைத் திருப்பிப் போட்டிருக்கான்."

அவர் திகைத்தார். "அப்ப நான்?"

"நீங்க மட்டும்தான் நிஜம்."

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நீயே கண்டுபிடிக்கறியான்னு பார்த்தேன். பத்து நாள் கல்லாவுல வெச்சுப் பார்த்தே. 'இந்த ஆளு நிக்கறதைப் பாருங்க, கத்துக்கோங்க'ன்னு எங்கிட்டயே காட்டினே. தலை இல்லைன்னா புருஷனை அடையாளம் தெரியாதா உனக்கு?"

"பேன்ட்டுல காட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்! பதினெட்டு வருஷமா நான் பார்க்காத சரக்குங்க அது."

மறுநாள் தம்பி வந்தான். அதே ஜன்னல், அதே வெளிச்சம், இந்தத் தடவை தலையோடு. "படத்தைத் திருப்பினா கையை ஒடிச்சிடுவேன்" என்று கட்டக்கா பக்கத்திலேயே நின்றாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே படம் தொட்டுப்பார் கைக்குப் போனது. அவர் அதையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"செருகு இந்தப் பக்கம் மாறியிருக்கே?"

"இதுதாங்க ஒரிஜினல். ஆல்பத்துல இருக்கறது கண்ணாடிப் பிம்பம். ஒற்றைப் பக்கம் முழுக்கத் திருத்தி நேத்தே அச்சுக்குக் கொடுத்தாச்சு, புது ஆல்பம் கப்பலுக்கு முன்னாடி வந்துடும்."

"யாரு இவரு?"

"என் வீட்டுக்காரர்" என்றாள் கட்டக்கா. எதிர்க்கடைக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். நானூறு டஜன் அங்கேயே முடிந்தது. தையல்காரருக்கு வலது செருகு திரும்பக் கிடைத்தது. பதினேழு நான்தான் என்று டீக்கடைக்காரர் மட்டும் இன்னும் வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அவர் லுங்கியில் வாசலில் நின்றார். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டு கையையும் எடுத்து, நிதானமாக, முழுசாகக் கும்பிடு போட்டார். பெரியவருக்குப் போடாமல் விட்டதையும் சேர்த்துப் போட்ட மாதிரி இருந்தது. பிறகு உள்ளே வந்து பென்சிலை எடுத்தார்.

"பதினெட்டு வருஷம். நாளுக்கு ஒரு கேலி. ஆறாயிரத்து ஐந்நூத்துச் சொச்சம். ஒண்ணுக்கு ஒண்ணு, என்னைப் புகழ்ந்து சொல்லணும்."

"அநியாயம்! சில்லறை விலை போடாதீங்க. மொத்தமா எடுத்துக்கறேன்."

"ஆயிரம்."

"வீட்டு ஆளுக்கு இந்த விலையா? ஒரு டஜன். கடைசி விலை. ஆனா எல்லாம் முதல் தரம்."

அவர் யோசித்தார். இத்தனை வருஷம் வியாபாரியோடு குடித்தனம் நடத்தியவர். எந்த இடத்தில் தலையாட்ட வேண்டும் என்று தெரியும். ஆட்டினார்.

"முதலாவது," என்றாள், "இந்தத் தெருவுலயே கட்டத்தோட கட்டம் சேர்த்துக் கட்டற ஒரே ஆம்பிளை நீங்கதான்."

"சரி."

"ரெண்டாவது, அந்தப் படத்தை முதல்ல பார்த்தப்பவே, யாருன்னு தெரியாமலேயே, இந்த ஆளோட பெண்டாட்டி கொடுத்து வெச்சவள்னு நெனச்சேன்."

அவர் பென்சிலால் சுவரில் இரண்டு கோடு இழுத்தார். இரண்டும் நட்டுக்குத்தாக, கரை விழுந்த மாதிரி விழுந்தன.

பேசியது பன்னிரண்டு. வந்தது இரண்டு. பாக்கி பத்து.